காக்காவைத் தாத்தா என்கிறான்

கேள்வி: வணக்கம் மேடம். என் மகனுக்கு 4 வயது 3 மாதம், எல்.கே.ஜி. படிக்கிறான். சரியாகப் பேச வரவில்லை, மழலை இன்னும் மாறவில்லை. காக்காவைத் தாத்தா என்கிறான். குடைக்குத் துடை, அக்காவுக்கு அத்தா. ரயிலை லயில் என்பான், பழத்தைப் பயம் என்பான். எங்களுக்குப் புரிகிறது, பள்ளியில் மிஸ்ஸுக்குப் புரிவதில்லையாம். ‘க சொல்லு, க சொல்லு’ என்று தினமும் சொல்லிக் கொடுக்கிறோம். இப்போது கேட்டாலே வாயை மூடிக்கொள்கிறான். நாக்கு அடியில் ஒட்டியிருக்கிறது, வெட்டிவிட்டால் சரியாகும் என்கிறார் மாமியார். அடிக்கடி சளி பிடிக்கும். இரண்டு தடவை காது வலிக்கு மருந்து கொடுத்தோம். பிறந்தபோது செய்த காது சோதனையில் பாஸ். 15 நாளில் பேச்சுப் பயிற்சியாளரிடம் முதல் தடவை போகிறோம். பிள்ளையின் பிரச்சினையை எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். இதற்கு மேல் என்ன எழுதுவது?
— ஒரு தாய், கும்பகோணம்

பதில்: ‘சரியாகப் பேச வரவில்லை’ என்ற வரியை நீங்கள் அடித்துவிட்டாலும் ஒன்றும் குறையாது. அதை வைத்து எந்தப் பயிற்சியாளரும் எதையும் முடிவு செய்ய முடியாது. பயன்படுவது அதற்கு அடுத்து நீங்கள் எழுதிய மூன்று சொற்கள்தான். காக்கா–தாத்தா, குடை–துடை, அக்கா–அத்தா. மூன்றிலும் நடப்பது ஒன்றே.

‘க’ சொல்லும்போது நாக்கின் பின்பகுதி எழும்பி மேலண்ணத்தின் பின்புறத்தை அடைக்கும். ‘த’ சொல்லும்போது நாக்கு நுனி மேல்பல்லின் பின்பக்கத்தைத் தொடும். நீங்களே மெதுவாகச் சொல்லிப் பாருங்கள், நாக்கு எங்கே போகிறது என்று தெரியும். உங்கள் பையன் பின்னால் செய்ய வேண்டிய ஒலியை முன்னால் செய்கிறான், அதுவும் ஒரு விதி வைத்தது போல. இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகள் பலர் இப்படிப் பேசுவார்கள். பொதுவாக மூன்றரை வயதுக்குள் தானாகவே போய்விடும். நாலேகால் வயதில் இது மிச்சமிருப்பதால்தான் கவனிக்க வேண்டும். ரயிலையும் பழத்தையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ‘ர’ நிதானமாக வரும் ஒலி. ‘ழ’ அதைவிடத் தாமதம். அது ஆயுசுக்கும் வராமல் ‘வாளைப்பளம்’ என்று சொல்லியே கல்யாணம் முடித்துப் பேரன் எடுத்தவர்கள் நம் ஊரில் ஏராளம். பயிற்சியாளருக்கு எழுதும் கடிதத்தில் இவற்றையும் குறிப்பிடுங்கள், ஆனால் முதல் கவலையாக அல்ல.

உங்கள் மாமியாரின் யோசனைக்கும் பதில் அந்த மூன்று சொற்களிலேயே இருக்கிறது. நாக்குக்கு அடியில் இருக்கும் சவ்வு குட்டையாக இருந்தால் நுனிதான் மேலே எழும்பத் திணறும். சிரமம் வந்தால் நுனியால் செய்யும் ஒலிகளில்தான் முதலில் தெரியும்: த, ந, ல. உங்கள் பையனோ ‘த’வைச் சுத்தமாகச் சொல்கிறான், வேண்டாத இடத்திலும் சொல்கிறான். ‘ர’வுக்குப் பதில் ‘ல’ போடுகிறான் என்றால் ‘ல’வும் வருகிறது. நுனி நன்றாக வேலை செய்கிறது. ‘க’வுக்கு நுனி தேவையே இல்லை, அது பின்பக்கத்து வேலை. பயிற்சியாளர் எப்படியும் வாயைத் திறந்து பார்ப்பார், ஆனால் ‘க’ வரவில்லை என்பதற்காக நாக்கை வெட்ட வேண்டியதில்லை. வசம்பு தேய்ப்பதாலும் நாக்கின் பின்பகுதி எழும்பப் பழகாது. வாயில் கூழாங்கல் போட்டுப் பேசப் பழக்கச் சொல்லி யாராவது வந்தால் கேட்கவே கேட்காதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

இனி கடிதத்துக்கு வருவோம். அதன் பெரும்பகுதி ஒரு சொல் பட்டியலாக இருக்கட்டும். ஒரு நோட்டில் பக்கத்தை இரண்டாகக் கோடு போட்டு, இடப்பக்கம் பெரியவர்கள் சொல்லும் சொல், வலப்பக்கம் அவன் சொன்னது. முப்பது சொல் போதும். எழுத்துப்பிழை பற்றிக் கவலைப்படாமல் காதில் விழுந்ததை அப்படியே எழுதுங்கள். திருத்தி அழகுபடுத்தினால் பட்டியலால் பயனில்லை. பெற்றோர் அதிகம் தவறுவது இன்னொரு இடத்தில். ‘குடை சொல்லு’ என்று நீங்கள் சொல்லி அவன் திருப்பிச் சொன்னால் அது வேறு, அவனாகச் சொன்னால் வேறு. கேட்டுச் சொல்லும்போது பல குழந்தைகள் கொஞ்சம் நன்றாகவே சொல்லிவிடும். அதனால் குடையைக் கையில் எடுத்துக் காட்டி ‘இது என்னடா?’ என்று கேளுங்கள். தெரியவில்லை என்றால் சொல்லிக் கொடுங்கள், ஆனால் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டுவிடுங்கள். நட்சத்திரச் சொல்லில் ‘க’ சரியாக வந்தால் அது நல்ல சேதி. நாக்குக்கு அந்த வேலை தெரியும், பேச்சில் பயன்படுத்தத்தான் தெரியவில்லை என்று அர்த்தம். அப்படிப்பட்ட குழந்தைக்குப் பயிற்சி சீக்கிரம் பிடிபடும்.

‘க’ சொல்லின் எந்த இடத்தில் வருகிறது என்பதும் முக்கியம். தொடக்கத்தில் வருபவை: காது, கண், கை, கோழி, குரங்கு, கதவு. நடுவில் அழுத்தி வருபவை: அக்கா, மூக்கு, சக்கரம், பாக்கு. ‘ங்’கோடு சேர்ந்தவை: சிங்கம், மாங்காய், தங்கச்சி, வாங்க, போங்க. கடைசியில் நிற்பவை தமிழில் இல்லை, ஆங்கிலத்திலிருந்து நாம் தினமும் சொல்பவை உண்டு: பைக், கேக், புக். நான்கு வகையிலும் சிலவற்றைச் சேருங்கள். சிங்கம் ‘சிந்தம்’ ஆகி, வாங்க ‘வாந்த’ ஆனால், ‘ங்’கும் முன்னால் போய்விட்டது என்று தெரிந்துவிடும். ஆனால் ‘பைக்’ மட்டும் சரியாக வருகிறது என்று வையுங்கள். பயிற்சியாளர் அங்கிருந்தே தொடங்குவார், பாதி வேலை குறைந்துவிடும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ‘நகம்’, ‘பகல்’ போன்ற சொற்களை அவன் நன்றாகச் சொல்வான், உடனே வீட்டில் ‘பாரு, க வருதே, வேணும்னே பண்றான்’ என்பார்கள். நாம் எழுதுவதுதான் ஒரே எழுத்து. ‘நகம்’ என்பதில் நாம் சொல்வது ஏறக்குறைய ‘நஹம்’, அடைப்பு இல்லாமல் காற்று வழுக்கிப் போகும் ஒலி. ‘கை’யில் இருக்கும் ‘க’ அது அல்ல. அவன் வேண்டுமென்றே செய்யவில்லை. அந்தச் சொற்களையும் பட்டியலில் தனியாக எழுதுங்கள்.

முப்பதில் பத்துச் சொற்களை எடுத்து, மூன்று வெவ்வேறு நாளில் மறுபடி கேட்டு எழுதுங்கள். மூன்று தடவையும் ‘காக்கா’ தாத்தாவாகவே வந்தால் அது விதிப்படி நடக்கும் மாற்றம், இதற்கான பயிற்சி முறைகள் நன்றாகத் தெரிந்தவை. ஒரு நாள் தாத்தா, ஒரு நாள் பாக்கா, ஒரு நாள் ஆப்பா என்று ஒவ்வொரு தடவையும் வேறு வேறாக வந்தால் கதை வேறு. வாயசைவை மூளை திட்டமிடுவதில் சிக்கல் இருக்கலாம், அதற்குப் பயிற்சியே வேறு மாதிரி. இந்த ஒரு சோதனையை நீங்கள் வீட்டில் செய்து கொண்டுபோனால் முதல் சந்திப்பில் நிறைய நேரம் மிச்சமாகும்.

பட்டியலோடு போனில் ஐந்து நிமிடம் பேச்சைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஃபேனையும் டி.வி.யையும் நிறுத்திவிட்டு, போனை அவனுக்கு ஓரடி தூரத்தில் வைத்து, பொம்மை விளையாடும்போது எடுங்கள். பேட்டி எடுப்பது போலக் கேள்வி கேட்டால் ‘ஆமா’, ‘இல்ல’ என்று முடித்துவிடுவான். புது இடத்தில் குழந்தைகள் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை, உங்கள் பையன் இப்போது கேட்டாலே வாயை மூடுகிறவன் வேறு. அன்றைக்கு அவன் பேசாவிட்டாலும் இந்தப் பதிவு பேசும்.

அடுத்தது காது. உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரி இது, என் கண்ணுக்கு அதுதான் பெரியது. பிறந்தபோது பாஸ் என்றால் பிறந்தபோது பாஸ், அவ்வளவுதான். அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கலாம். காது வலி போன பிறகும் அந்த நீர் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள் கூட இருக்கும். வலிக்காது, காய்ச்சல் வராது, யாருக்கும் தெரியாது. அந்த நாட்களில் இரண்டு காதிலும் விரலை வைத்து அடைத்துக்கொண்டு கேட்பது போல அவனுக்கு எல்லாம் மங்கலாகக் கேட்கும். ‘கூப்பிட்டால் திரும்புகிறானே’ என்பது சோதனை ஆகாது. வீட்டில் நாம் கூப்பிடும் சத்தத்துக்கு அந்த நிலையிலும் திரும்புவான். மெல்லிய ஒலிகளும் சொல்லின் கடைசி ஒலிகளும்தான் நழுவும். ‘க’ முன்னால் போனதற்குக் காதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மங்கலாகக் கேட்கும் குழந்தைக்கு ‘க’வும் ‘த’வும் வேறு வேறு என்று காதால் பழக்குவது வீண் பாடு. அதனால் பேச்சுப் பயிற்சிக்கு முன்னால் கேட்டல் சோதனை.

இரண்டு சோதனை தேவைப்படும். ஒன்று டிம்பனோமெட்ரி. காதில் மெத்தென்ற ஒரு முனையை வைத்து லேசாகக் காற்றழுத்தத்தை மாற்றுவார்கள், சில நொடி வேலை, வலி இல்லை. கருவி வரையும் கோடு மலை போல எழும்பினால் செவிப்பறை நன்றாக அசைகிறது. தட்டையாக வந்தால் பின்னால் நீர் இருக்கலாம். காதில் அழுக்கு அடைத்திருந்தாலும் தட்டையாக வரும், ஆகையால் முதலில் காது டாக்டர் பார்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். இன்னொன்று, சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு கட்டையை டப்பாவில் போடச் சொல்லும் விளையாட்டுச் சோதனை. நாலு வயதுப் பிள்ளை இதைச் செய்துவிடும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் விசாரியுங்கள், குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளை ஆரம்பத்திலேயே கவனிக்கும் மாவட்ட அரசு மையமான டி.இ.ஐ.சி. வழியாகவும் அனுப்புவார்கள். சோதனைக்கு முன் காதில் எண்ணெய் விடாதீர்கள். நீர் இருப்பதாகத் தெரிந்தாலும் உடனே பயப்பட ஒன்றுமில்லை. பெரும்பாலும் மூன்று மாதம் பார்த்து மறுபடி சோதிப்பார்கள், அதற்குள் பலருக்கு வடிந்துவிடும்.

கடிதத்தில் காதுக்கென்று ஒரு பத்தி ஒதுக்குங்கள். காது வலி எந்த மாதம் வந்தது, சீழ் வடிந்ததா, டி.வி. சத்தத்தைக் கூட்டச் சொல்கிறானா, ‘ஆ?’ ‘என்னா?’ என்று திரும்பக் கேட்கிறானா, இரவில் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விடுகிறானா. குறட்டை எதற்கு என்றால், மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை வீங்கியிருந்தால் வாயால்தான் மூச்சு வரும், காதில் நீர் தேங்கவும் அது ஒரு காரணம். இன்னொரு கேள்வி விநோதமாகத் தோன்றும், ஆனாலும் எழுதுங்கள்: கைக்குழந்தையாக இருந்தபோது பால் மூக்கு வழியாக வந்ததுண்டா, இப்போது பேச்சு மூக்கால் வருகிறதா? அண்ணத்தில் வெளியே தெரியாத பிளவு இருந்தால் அப்படி நடக்கும். ‘க’வில் தடுமாறும் குழந்தைக்கு இதைக் கேட்காமல் விடக் கூடாது.

பேச்சு எவ்வளவு புரிகிறது என்பதை ‘எங்களுக்குப் புரியும், மிஸ்ஸுக்குப் புரியாது’ என்று நிறுத்தாமல் ஆள் ஆளாக எழுதுங்கள். அம்மாவுக்குப் பத்து வாக்கியத்தில் எத்தனை, அப்பாவுக்கு எத்தனை, எப்போதாவது வரும் சித்திக்கு, பக்கத்து வீட்டுப் பையனுக்கு, கடைக்காரருக்கு? நாலு வயதில் முன்பின் தெரியாதவருக்கும் ஏறக்குறைய எல்லாமே புரிய வேண்டும், ஒலிகளில் சின்னச் சின்னத் தப்பு இருந்தாலும். கடைக்காரருக்குப் பத்தில் ஐந்துதான் புரிகிறது என்றால் பயிற்சியைத் தள்ளிப்போடக் கூடாது. புரியாதபோது அவன் என்ன செய்கிறான் என்பதையும் சேருங்கள்: திரும்பச் சொல்கிறானா, கையைப் பிடித்து இழுத்துக் காட்டுகிறானா, விட்டுவிட்டுப் போய்விடுகிறானா?

பிறப்பு, வளர்ச்சி விவரங்கள் நாலு வரி போதும்: எத்தனை வாரத்தில் பிறந்தான், எடை, பிறந்ததும் அழுதானா, முதல் சொல் எந்த வயதில், இரண்டு சொல் சேர்த்து (‘அம்மா வா’ போல) எந்த வயதில், குடும்பத்தில் வேறு யாருக்காவது பேச்சுத் தாமதம் உண்டா. வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம் என்றால் அதையும் எழுதுங்கள். ‘வீட்டில் ஆங்கிலமே பேசுங்கள்’ என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். தமிழில் கையைத் ‘தை’ என்பவன் ஆங்கிலத்தில் கப்பைத் ‘தப்’ என்பான். மொழியைக் குறைத்தால் நாக்கு பின்னால் போகாது.

இப்போது செய்வதில் ஒன்றை இன்றோடு நிறுத்த வேண்டும், ‘க சொல்லு’. அவனுக்கு எப்படிச் செய்வது என்று தெரியாத ஒன்றைத் தினமும் கேட்கிறீர்கள், அதனால்தான் வாயை மூடுகிறான். அவன் ‘தாத்தா பறக்குது’ என்றால் ‘ஆமா, காக்கா பறக்குது. காக்கா எங்க போகுது?’ என்று நீங்கள் சரியாகச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள். திருப்பிச் சொல்லச் சொல்லாதீர்கள். பதினைந்து நாளில் இதனால் ‘க’ வந்துவிடாது, ஆனால் முதல் நாள் அறைக்குள் வரும்போது வாய் திறந்திருக்கும்.

பயிற்சியாளர் ‘க’வை வேறு விதமாக வரவழைப்பார். படுக்க வைப்பார், நாக்கு தன் எடையாலேயே பின்னால் சாயும். தண்ணீர் கொப்பளிக்கும்போது தொண்டையில் வரும் சத்தத்திலிருந்து பிடிப்பார். நாக்கு நுனியைக் குச்சியால் லேசாகக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டு ‘தா’ சொல்லச் சொல்வார், நுனி போக முடியாததால் பின்பகுதி எழும்பி ‘கா’ விழும். இந்தக் கடைசி வித்தையை வீட்டில் ஸ்பூனை வைத்து முயலாதீர்கள். குமட்டிவிட்டால் பிறகு வாயில் எதையும் விடமாட்டான். ஒலி வந்ததும் ‘கா, கோ, கூ’ முதலில், ‘கி, கே’ பிறகு, ஏனென்றால் ‘இ’யும் ‘ஏ’யும் நாக்கை முன்னால் இழுக்கும். அதன்பிறகு ஜோடிப் படங்கள் வரும்: குடை–துடை, கோழி–தோழி, காய்–தாய், கட்டை–தட்டை. அவன் ‘தட்டை’ என்று கேட்டால் தின்கிற தட்டையைக் கொடுப்பார், அவன் கேட்க நினைத்ததோ விளையாட்டுக் கட்டை. ஒரு ஒலி மாறினால் கைக்கு வருவதே மாறுகிறது என்று அங்கேதான் உறைக்கும். வாரம் ஓரிரு தடவை வகுப்பு, வீட்டில் தினம் ஐந்து நிமிடம் இரண்டு வேளை, சில மாதங்கள் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். தனிச் சொல்லில் ‘க’ வந்துவிடும், பேச்சில் வர நாளாகும்; அந்த இடைவெளியில்தான் பல பெற்றோர் நிறுத்திவிடுகிறார்கள்.

எல்லாம் சேர்ந்து உங்கள் கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கலாம். உங்கள் விவரம் எனக்குத் தெரியாத இடங்களில் உதாரணத்துக்கு நிரப்பியிருக்கிறேன், மாற்றிக்கொள்ளுங்கள்.

“மகன், 4 வயது 3 மாதம். வீட்டில் தமிழ், பள்ளியில் தமிழும் ஆங்கிலமும். 38 வாரத்தில் பிறந்தான், 2.9 கிலோ, உடனே அழுதான். முதல் சொல் 13 மாதம், இரண்டு சொல் சேர்த்தது 2 வயது. இப்போது ஐந்தாறு சொல் கொண்ட வாக்கியம் பேசுகிறான், சொன்னது எல்லாம் புரிந்துகொள்கிறான். எங்கள் முக்கியக் கவலை, க வரும் இடத்தில் த சொல்கிறான். 32 சொல் பட்டியல் இணைத்திருக்கிறேன்; நட்சத்திரம் போட்டவை நாங்கள் சொல்லித் திருப்பிச் சொன்னவை. 10 சொற்களை மூன்று நாள் கேட்டோம், 9 சொல் ஒரே மாதிரி வந்தது. பைக், கேக் என்பவற்றின் கடைசி ஒலி சில சமயம் சரியாக வருகிறது. பத்து வாக்கியத்தில் எனக்கு 9, அவன் அப்பாவுக்கு 8, சித்திக்கு 6, கடைக்காரருக்கு 4 புரிகிறது. புரியாவிட்டால் இரண்டாம் தடவை சொல்வான், பிறகு விட்டுவிடுவான். ஜூலையிலும் நவம்பரிலும் வலது காது வலி, சீழ் வரவில்லை. இரவில் குறட்டை. டி.வி. சத்தத்தைக் கூட்டுவான். பால் மூக்கில் வந்ததில்லை. ஒரு மாதம் ‘க சொல்லு’ என்று சொல்லிக் கொடுத்தோம், அழுததால் நிறுத்திவிட்டோம். வீட்டில் பெரியவர்கள் நாக்கு ஒட்டியிருப்பதாகச் சொல்கிறார்கள், பார்த்துச் சொல்லவும்.”

ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். முடிந்தால் இரண்டு நாள் முன்னதாகவே அனுப்பிவிடுங்கள். அங்கே போய் அவன் முன்னால் வைத்து இதை வாசிக்க வேண்டியிருக்கக் கூடாது, நாலு வயதுப் பிள்ளைக்கு எல்லாம் புரியும். காது மருந்துச் சீட்டுகளும் பழைய ரிப்போர்ட்டும் பையில் இருக்கட்டும். பயிற்சியாளருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் ஆர்.சி.ஐ. பதிவு எண் இருக்கிறதா என்று பதிவு செய்யும்போதே கேட்கலாம், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். அவன் தூங்கும் நேரத்தில் நேரம் வாங்காதீர்கள். அன்றைக்குச் சளியோ காய்ச்சலோ இருந்தால் போன் செய்து சொல்லுங்கள். பேச்சைப் பார்த்துவிட்டு, காது சோதனையை மட்டும் தள்ளி வைப்பார்கள்.